மொழிபெயர்ப்புப் பெட்டியில் ஒட்டும் முன்

(கொல்லிமலை செம்மேட்டில் இளைஞர்கள், சுயஉதவிக் குழுப் பெண்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



காரவள்ளியில் பஸ் மலை ஏற ஆரம்பித்ததிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே வரலாம் என்று நினைத்தேன். முப்பதுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போச்சு. பக்கத்து சீட்டில் இருந்த தம்பிதான் காரணம். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்தவர், நாமக்கல்லில் மருந்து வாங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். போனில் தமிழில் ஒரு பக்கக் கடிதம் அடித்து வைத்திருந்தார். அதை ஆங்கிலத்தில் மாற்றி கம்பெனிக்கு அனுப்பணும். சிக்னல் வந்ததும் இலவச மொழிபெயர்ப்புத் தளத்தில் ஒட்டிவிடலாம் என்று காத்திருந்தார். வளைவுக்கு வளைவு சிக்னல் போய்ப் போய் வந்ததால், ஒட்டுவதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கடிதத்தைப் படிக்க நேரம் கிடைத்தது.

இன்றைக்கு நான் பேசப்போவது அந்தக் கடிதத்தைப் பற்றித்தான். ஆனால் அதற்கு முன்னால் உங்களை நார்வே வரைக்கும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போகணும். ரொம்ப நேரம் ஆகாது.

2017 செப்டம்பரில் நார்வே நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. ஒரு செய்தி வெளியிட்டது. அந்த நாட்டில் ஸ்டாட்ஆயில் என்று பெரிய எண்ணெய் நிறுவனம் இருந்தது. இப்போது அதற்கு ஈக்வினார் என்று பெயர். அங்கே வேலை செய்தவர்கள் அலுவலகக் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் translate.com என்ற இலவசத் தளத்தில் ஒட்டி மொழிபெயர்த்திருக்கிறார்கள். அப்படி ஒட்டியவை கூகுளில் தேடினால் கிடைத்தன. வேலைநீக்கக் கடிதங்கள், ஆள்குறைப்புத் திட்டங்கள், ஒப்பந்தங்கள், ஏன், கடவுச்சொற்கள் வரைக்கும். தேடத் தெரிந்த யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற நிலைமை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யாரும் அந்தத் தளத்தின் பூட்டை உடைக்கவில்லை. ஹேக்கர் என்று ஒருவரும் கிடையாது. மொழிபெயர்ப்பை மேம்படுத்துவதற்காக முன்பு தன்னார்வலர்களை வைத்திருந்ததாகவும், அவர்கள் பார்த்துத் திருத்துவதற்காக வைக்கப்பட்ட பக்கங்களில் சில தேடுபொறிகளில் ஏறிவிட்டதாகவும் அந்த நிறுவனம் விளக்கம் சொன்னது. அதாவது, ஒட்டியவருக்கு அது ஒரு சின்னப் பெட்டி. மேலே தமிழ் போட்டால் கீழே ஆங்கிலம் வரும், வேலை முடிந்தது, மூடிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தத் தளத்துக்கு அது இன்னொருவர் உட்கார்ந்து படிக்க வேண்டிய ஒரு பக்கம். நம்ம பக்கம் மூடிவிட்டதால் அவர்கள் பக்கமும் மூடிவிட்டது என்று நினைக்கிறோம் பாருங்க, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

எல்லாத் தளமும் இப்படியா? இல்லை. பெரிய நிறுவனங்கள் ஒட்டியதை ஊருக்குக் காட்டுவதில்லை. ஆனால் உங்கள் எழுத்து உங்கள் போனைவிட்டு வெளியே போய், அவர்களுடைய சர்வரில் மொழிபெயர்க்கப்பட்டுத்தான் திரும்பி வருகிறது. அங்கே அது எவ்வளவு நாள் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்பது அந்தந்த நிறுவனத்தின் விதி. டீப்எல் என்ற ஜெர்மன் நிறுவனம் இதை ஒளிக்காமல் எழுதியே வைத்திருக்கிறது. இலவசச் சேவையில் போடும் எழுத்தைக் குறிப்பிட்ட காலம் வைத்திருந்து தங்கள் மென்பொருளைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துவோம், கட்டணம் செலுத்துபவர்களின் எழுத்தை அப்படிச் செய்ய மாட்டோம் என்கிறது. இலவசம் என்றால் விலை இல்லை என்று அர்த்தமில்லை, விலையை எழுத்தாக வாங்கிக்கொள்கிறார்கள். அதில் தப்பும் சொல்ல முடியாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்களே. படிக்காமல் ‘ஓகே’ தட்டுவது நாம்தான். நானும் அப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டுக்குப் போய், போனிலோ பிரவுசிங் சென்டரிலோ கூகுள் டிரான்ஸ்லேட் தளத்தை பிரவுசரில் திறந்து ‘வணக்கம்’ என்று தட்டுங்கள். பிறகு மேலே முகவரிப் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

```
translate.google.com/?sl=ta&tl=en&text=வணக்கம்&op=translate
```

`text=` என்பதற்குப் பக்கத்தில் நீங்கள் தட்டியது அப்படியே நிற்கிறது. சில நேரம் அது தமிழாகத் தெரியாமல் சதவீதக் குறிகளும் எண்களுமாகத் தெரியும், அதுவும் உங்கள் எழுத்துதான். அந்த முகவரி பிரவுசரின் ஹிஸ்டரியில் ஏறிவிடும். உங்கள் சொந்தப் போன் என்றால் பெரிய விஷயமில்லை. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர் என்றால்? உங்களுக்குப் பின்னால் வந்து உட்காருகிறவர் ஹிஸ்டரியைத் திறந்தால், நீங்கள் மொழிபெயர்த்த கடிதத்தின் வரிகள் அங்கே இருக்கலாம். நார்வே வரைக்கும் போக வேண்டியதே இல்லை, பக்கத்து நாற்காலிக்கே போய்விடுகிறது. பொதுக் கம்ப்யூட்டரில் எந்தத் தனிப்பட்ட ஆவணத்தையும் மொழிபெயர்க்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம்.

அந்தத் தம்பியின் கடிதத்தில் என்னவெல்லாம் இருந்தது? முதல் வரியில் பெயர், பணியாளர் எண், பி.எஃப். கணக்குக்கான பன்னிரண்டு இலக்க யு.ஏ.என். எண். அடுத்து ஆதார் எண், முழுசாக. பிறகு அப்பாவின் பெயர், வயது, அவருக்குக் காசநோய் என்ற விவரம், எந்த மருத்துவமனை, எந்த டாக்டர். ஊரின் பெயர், அது எந்த நாட்டைச் சேர்ந்தது என்பது. சம்பள முன்பணம் கேட்டிருந்ததால் வங்கிக் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும். உண்மையில் சொல்ல வந்த விஷயம் என்ன? பதினைந்து நாள் லீவு எடுத்தேன், இன்னும் பதினொரு நாள் கூடிவிட்டது, மன்னித்து ஏற்றுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

“தம்பி, ஆதார் எண் எதுக்கு இதுல?” என்று கேட்டேன்.

“எல்லா ஃபார்ம்லயும் கேக்கறாங்கல்லக்கா, அதான் போட்டேன்.”

“கம்பெனியில சேரும்போதே குடுத்துட்டீங்கல்ல?”

“ஆமா.”

“கேட்டாங்களா இப்ப?”

“இல்ல.”

இதுதான் முதல் வேலை. ஆவணத்தை எப்படி மறைப்பது என்று யோசிக்கும் முன், இந்த விவரம் இந்தக் கடிதத்திலேயே இருக்கணுமா என்று பார்ப்பது. ஆதார் போனது. யு.ஏ.என். போனது. வங்கிக் கணக்கும் போனது, ஏனென்றால் மாதாமாதம் சம்பளம் போடுகிறவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. நாம் மொழிபெயர்ப்புத் தளத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம், ஆனால் அந்தக் கடிதத்தில் இருந்த பாதி ரகசியம் கம்பெனிக்கே போக வேண்டியதில்லாத ரகசியம்.

அப்பாவின் நோய் விஷயத்தில் நான் எதுவும் சொல்லவில்லை. அது அவர் வீட்டு முடிவு. அவரே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்பாகிட்ட கேக்காம நான் எழுதிட்டேன்க்கா” என்றார். அந்த வரியை எடுத்துவிட்டு ‘சிகிச்சை’ என்று மட்டும் போட்டார். கேட்டால் மருத்துவச் சான்றை நேரில் காட்டலாம். இந்த இடத்தை நான் மறக்கவே மாட்டேன். நாம் ஒட்டுகிற ஆவணத்தில் நம் விவரம் மட்டும் இருப்பதில்லை. சுயஉதவிக் குழுவில் இருக்கும் அக்காமார் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். வங்கியிலிருந்து குழுவுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வருகிறது, கூடவே உறுப்பினர்கள் பட்டியல், யார் பெயரில் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு. தலைவி அதை அப்படியே ஒட்டினால், ஒட்டியது ஒருவர், வெளியே போனது பன்னிரண்டு பேர் விவரம். கடிதத்தின் பத்தியை மட்டும் எடுங்கள். பட்டியலில் இருப்பது பெயரும் எண்ணும். அதை மொழிபெயர்க்க என்ன இருக்கிறது?

இரண்டாவது வேலை, மிச்சம் இருக்கிற பெயருக்கும் எண்ணுக்கும் குறியீடு போடுவது. நாங்கள் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினோம்: XA1 என்றால் அவர் பெயர், XB2 என்றால் பணியாளர் எண், XC3 என்றால் வேலைக்குத் திரும்பும் தேதி. ஏன் ‘அ’, ‘ஆ’ என்று போடவில்லை என்று கேட்பீர்கள். தமிழ் எழுத்தைப் போட்டால் மொழிபெயர்ப்பு மென்பொருள் அதையும் ஒரு சொல்லாக நினைத்து எதையாவது செய்துவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு பெரும்பாலும் அசையாமல் அப்படியே வரும். வெறும் X என்று எல்லாவற்றுக்கும் போட்டாலும் கடைசியில் எது எது என்று குழம்பிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும்.

கடைசியில் ஒட்டியது இது:

```
நான் XA1. உங்கள் நிறுவனத்தில் XB2 என்ற எண்ணில்
வேலை செய்கிறேன். என் அப்பாவின் சிகிச்சைக்காக
15 நாள் விடுப்பில் ஊருக்கு வந்தேன். மருத்துவர்
சொன்னதால் மேலும் 11 நாள் தங்க வேண்டியிருந்தது.
XC3 அன்று வேலைக்குத் திரும்புகிறேன். இந்த 11
நாளையும் விடுப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.
மருத்துவச் சான்றை நேரில் தருகிறேன்.
```

இது நாளைக்கே கூகுளில் வந்து நின்றாலும் யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

குறியீடு போட்டதில் எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. நம்ம பெயர்கள் பல சொற்களாகவும் இருக்கின்றன. மலர் என்ற பெயர் பூ ஆகிவிடும், வெற்றி என்ற பெயர் ஜெயித்தது ஆகிவிடும். கொல்லிமலையில் இன்னொரு கஷ்டம். இங்கே பதினான்கு ஊராட்சிகளுக்கும் ‘நாடு’ என்று முடிகிற பெயர். வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, அரியூர்நாடு. பிரித்து எழுதிவிட்டால் மென்பொருள் அதைத் தேசம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ‘எங்கள் நாட்டில் ஆஸ்பத்திரி தூரம்’ என்று எழுதினால், பெங்களூர் அதிகாரி நீங்கள் வெளிநாட்டில் இருப்பதாக நினைத்தால் என்ன செய்வது! பெயருக்குப் பதில் குறியீடு போட்டுவிட்டால் இந்தத் தப்பு வரவே வராது.

மொழிபெயர்ப்பு வந்ததும் மூன்று விஷயம் சரிபார்த்தோம். குறியீடு மூன்றும் இருக்கிறதா, ஒன்றும் விழுந்துபோகவில்லையா. எண்கள், அதாவது 15-ம் 11-ம், அப்படியே இருக்கின்றனவா. பிறகு ஆள். தமிழில் ‘அவர்’ என்றால் ஆணும் ஆகலாம், பெண்ணும் ஆகலாம். ஆங்கிலத்துக்கு அது பிடிபடாது, ஏதோ ஒன்றை ஊகித்துப் போட்டுவிடும். பெயரை மறைத்துவிட்டால் ஊகிக்கக் குறிப்பும் கிடையாது. அதனால் ‘அவர்’ வருகிற இடத்தில் ‘என் அம்மா’, ‘அந்தப் பெண் மருத்துவர்’ என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் நல்லது. எல்லாம் சரி என்றானதும் ஆங்கில வரிகளை போனின் நோட்ஸில் எடுத்துப் போட்டு, குறியீட்டுக்குப் பதில் உண்மையான பெயரையும் எண்ணையும் கையால் தட்டினார். அந்த வேலை தளத்துக்குள் நடக்கவில்லை, போனுக்குள் நடந்தது. அதுதான் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. பெயரை எடுத்துவிட்டால் ஆளையே மறைத்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். சென்னையில் ‘செவிலியர் ஒருவர்’ என்றால் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். நாற்பது வீடு இருக்கும் மலைக் கிராமத்தில் ‘எங்கள் ஊர் செவிலியர்’ என்றால் ஒரே ஒருவர்தான். பெயர் இல்லாமலே பெயர் சொன்ன மாதிரி. ஊர், தொழில், நோய் மூன்றும் ஒரே பத்தியில் இருந்தால், அதில் ஒன்றையாவது எடுங்கள் அல்லது பொதுவாக்குங்கள். ஊருக்கு பதில் ‘மலைக் கிராமம்’ என்று போட்டால் அர்த்தம் ஒன்றும் கெடாது.

போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலக் கடிதம் தாளாக வந்தால் யாரும் தட்டிக்கொண்டிருக்க மாட்டோம், கேமராவை நீட்டுவோம். அப்போது பத்தி மட்டும் போகாது. முகவரி, முத்திரை, கையெழுத்து, மூலையில் இருக்கும் கியூஆர் குறியீடு எல்லாமே சேர்ந்து போகும். ஆதார் அட்டையின் கியூஆரில் பெயர், முகவரி, படம் எல்லாம் அடக்கம். எண்ணை மட்டும் கறுப்படித்துவிட்டு கியூஆரை விட்டுவிட்டால், பூட்டின வீட்டுக்குச் சாவியை வாசலில் வைத்த கதைதான். போனில் இருக்கும் ஹைலைட்டர் பேனாவால் மேலே கறுப்பு பூசுவதையும் நம்பாதீர்கள். அது பாதி ஊடுருவித் தெரியும் மை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எண் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து எளிய வழி பழைய வழிதான். கடிதத்தின் மேல்பகுதியையும் கீழ்பகுதியையும் வேறு வெள்ளைத் தாளால் மூடிவிட்டு, வேண்டிய பத்தியை மட்டும் படம் எடுங்கள். இல்லாத எழுத்தை யாராலும் மீட்க முடியாது.

சில ஆவணங்களுக்குக் குறியீடு வேலையே செய்யாது. மருத்துவமனை டிஸ்சார்ஜ் அறிக்கையில் விவரம்தான் விஷயம். விவரத்தை எடுத்துவிட்டால் மொழிபெயர்க்க ஒன்றும் மிஞ்சாது. கடன் ஒப்பந்தம், நிலப் பத்திரம், கோர்ட் நோட்டீஸும் அப்படித்தான். இவற்றுக்கு இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, இன்டர்நெட் இல்லாமல் மொழிபெயர்ப்பது. கூகுள் டிரான்ஸ்லேட் செயலியில் தமிழை போனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. செயலியில் உங்கள் படத்தையோ முதல் எழுத்தையோ தொட்டால் `Downloaded languages` என்று வரும். அதில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் இருக்கணும். மலையில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீழே நாமக்கல் போகும்போதோ, வைஃபை கிடைக்கிற இடத்திலோ ஒருமுறை இறக்கிவிடுங்கள். பிறகு போனை விமானப் பயன்முறையில், அதான் ஃபிளைட் மோடில், போட்டு ஒரு சாதாரண வரியைத் தட்டிப் பாருங்கள். மொழிபெயர்ப்பு வந்தால் அது போனுக்குள்ளேயே நடக்கிறது என்று அர்த்தம். வரவில்லை என்றால் இறக்கியது சரியில்லை. முக்கிய ஆவணத்தை எப்போதும் அந்த ஃபிளைட் மோடிலேயே தட்டுங்கள், முடித்ததும் செயலியில் `History`-யைத் துடைத்துவிட்டு அதற்குப் பிறகு நெட்டைப் போடுங்கள். ஹிஸ்டரி உங்கள் கூகுள் கணக்கோடு சேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருப்பதால் இதைச் சொல்கிறேன். நெட் இல்லாமல் வரும் மொழிபெயர்ப்பு கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும். விஷயம் என்ன என்று புரிந்துகொள்ள அது போதும்.

மருந்துச் சீட்டை மட்டும் எந்த மென்பொருளிடமும் கொடுத்து, அது சொன்ன கணக்கில் மாத்திரை போட வேண்டாம். 1-0-1 என்று டாக்டர் எழுதினால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. மென்பொருளுக்கு அது வெறும் எண். மருந்துக் கடைக்காரரிடமோ செவிலியரிடமோ கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது வழி, ஆள். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லணும். பாஸ்போர்ட், விசா, கோர்ட் போன்ற இடங்களில் தளத்தில் மொழிபெயர்த்த தாளை நீட்டினால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். கையெழுத்து, முத்திரையுடன் ஒருவர் பொறுப்பேற்ற மொழிபெயர்ப்பைத்தான் கேட்பார்கள். அப்படி இருக்கும்போது அந்த ஆவணத்தை இலவசப் பெட்டியில் ஒட்டி நாம் பெற்றது என்ன? ரகசியமும் போச்சு, தாளும் செல்லாது. எப்படியும் ஒருவரிடம் கொடுக்கத்தான் போகிறோம் என்றால் நேராக அவரிடமே கொடுக்கலாம். கொடுக்கும் முன் இன்னொன்றும் பாருங்கள். இ-சேவை மூலம் வாங்கிய சாதிச் சான்று, வருமானச் சான்று கையில் இருந்தால் அதை முழுசாகப் படியுங்கள். தமிழோடு ஆங்கிலமும் அதிலேயே அச்சாகியிருந்தால் மொழிபெயர்க்கிற வேலையே கிடையாது. பழைய கையெழுத்துச் சான்றை வைத்துக்கொண்டு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேச்சு முடிந்ததும் கேட்ட கேள்விகளில் இரண்டை இங்கே தருகிறேன்.

கல்லூரி மாணவி ஒருவர், “புதுசா ஒரு தளம் பார்த்தா, நம்பலாமா வேண்டாமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுக்கா?” என்று கேட்டார். தளத்தின் அடியில் `Privacy` என்று ஓர் இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் பத்துப் பக்கம் இருக்கும், எல்லாம் படிக்க வேண்டாம். பிரவுசரின் மூன்று புள்ளியைத் தொட்டு `Find in page` போய், `store`, `retain`, `train`, `improve`, `third part` என்று ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். அந்தச் சொல் வருகிற வாக்கியத்தை மட்டும் படியுங்கள். நீங்கள் போடும் எழுத்தை வைத்திருக்கிறோம், அதை வைத்து மேம்படுத்துகிறோம், பங்குதாரர்களுக்குத் தருகிறோம் என்று அந்த வாக்கியம் சொன்னால், சமையல் குறிப்பும் பாட்டு வரியும் மட்டும் அங்கே ஒட்டலாம். `Privacy` இணைப்பே இல்லாத தளம் என்றால் அதுகூட வேண்டாம். மத்திய அரசின் பாஷினி 2022-லிருந்து இந்திய மொழிகளுக்கென்றே இருக்கிறது. ஆனால் அரசுத் தளம் என்பதற்காக ஆதார் எண்ணை ஒட்டலாம் என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணை மொழிபெயர்க்க எந்தத் தளமும் தேவையில்லை.

பின்வரிசையில் இருந்த மிளகுத் தோட்டத்து அண்ணன் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், “போன மாசமே ஒட்டிட்டேன்மா. இப்ப என்ன பண்றது?”

என்ன ஒட்டினீர்கள் என்பதைப் பொறுத்து. கடவுச்சொல்லோ பின் நம்பரோ இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். மாற்ற முடிகிற ரகசியம் என்பதால் அது சுலபம். ஆதார் எண்ணை மாற்ற முடியாது. அதனால் மைஆதார் தளத்திலோ எம்ஆதார் செயலியிலோ போய் பயோமெட்ரிக் பூட்டைப் போடுங்கள். பூட்டியிருக்கும்போது உங்கள் கைரேகையையும் கருவிழியையும் வைத்து யாரும் சரிபார்ப்பு செய்ய முடியாது. உங்களுக்கே தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். இனி யாராவது ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு இலக்கம் மறைத்த நகலையும் அதே இடத்தில் இறக்கிக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு எண் மட்டும் போனதால் பணம் போய்விடாது. ஆனால் அந்த எண்ணைச் சரியாகச் சொல்லி, ‘பேங்க்லருந்து பேசறோம்’ என்று யாராவது ஓ.டி.பி. கேட்கலாம். எண் சரியாகச் சொல்வதாலேயே அவர் வங்கிக்காரர் ஆகிவிட மாட்டார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள், அல்லது `cybercrime.gov.in` தளத்தில் புகார் கொடுங்கள்.

ஒட்டின தளத்தில் ஹிஸ்டரி இருந்தால் அழியுங்கள். கூகுள் என்றால் `myactivity.google.com` போய்ப் பாருங்கள். ஆனால் அழிப்பது நம் கண்ணுக்குத் தெரிகிற பிரதியைத்தான் என்பதையும் மனதில் வையுங்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விவரத்தை அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையைத் தருகிறது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. உரிமை இருக்கிறது. ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரிய, எந்தத் தளத்தில் ஒட்டினோம் என்ற பெயராவது நினைவிருக்கணும். அண்ணனிடம் கேட்டேன். “கூகுள்ல தேடினேன், மொதல்ல வந்ததைத் தொட்டேன், பேரு பாக்கல” என்றார்.

அவருடைய போனை வாங்கி பிரவுசர் ஹிஸ்டரியில் போன மாதத்துக்குப் பின்னால் போனோம். தளத்தின் பெயர் கிடைத்தது. கூடவே அந்த முகவரியின் கடைசியில், அவர் ஒட்டிய கடன் கடிதத்தின் முதல் இரண்டு வரியும்.